அம்பத்தூர் நகராட்சி ரசீதுதான் கையில் இருக்கிறது, சென்னை மாநகராட்சிக்குச் சொத்துவரியை ஆன்லைனில் எப்படிக் கட்டுவது?

கொரட்டூர் மகள் | 5 ஏப்ரல் 2025, காலை

அப்பா இறந்தபிறகு கொரட்டூர் வீட்டுக்கு யாரும் சொத்துவரி கட்டவில்லை. நான் ஓசூரில் இருக்கிறேன், தம்பி வெளிநாட்டில். chennaicorporation.gov.in திறந்தால் மண்டலம், டிவிஷன், பில் எண், சப் எண் என்று நான்கு கட்டங்களை நிரப்பச் சொல்கிறது. அப்பாவின் பைலில் படிக்கும்படி இருப்பவை எல்லாம் அம்பத்தூர் நகராட்சி ரசீதுகள். அவற்றில் ஒரே ஒரு வரிவிதிப்பு எண்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து வசூலித்தவர் கொடுத்த சின்ன மெஷின் சீட்டுகள் எல்லாம் வெளுத்துப்போய் வெறும் தாளாகக் கிடக்கின்றன. அந்த ஒற்றை எண்ணை நான்கு கட்டங்களில் எப்படிப் பிரிப்பது?

வாசு_வேளச்சேரி | 5 ஏப்ரல், காலை

சிம்பிள் மேடம். அம்பத்தூர் என்றால் மண்டலம் 7. கடைசிக் கட்டத்தில் 000. டிவிஷன் உங்கள் வார்டு எண். அந்தப் பழைய எண்ணை அப்படியே பில் எண் கட்டத்தில் போடுங்கள். வந்துவிடும்.

கொரட்டூர் மகள் | 5 ஏப்ரல், மதியம்

வந்தது, ஆனால் எங்கள் வீடு இல்லை. யாரோ ஒருவர் பெயர், வேறு கதவு எண், வேறு தெரு. பணம் கட்டும் பட்டனும் தயாராக நிற்கிறது. நான் மூடிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: தளம் நீங்கள் யார் என்று கேட்பதில்லை. எண் சரியான வடிவத்தில் இருந்தால் யார் வீட்டுக் கணக்கும் திறக்கும், யார் வீட்டு வரியையும் யாரும் கட்டலாம். பெயரும் கதவு எண்ணும் நம்முடையவைதானா என்று பார்க்கும் வேலை முழுக்க நம்முடையது.

பழைய ரெவின்யூ | 5 ஏப்ரல், இரவு

வாசு தம்பி சொன்னதில் 7-ம் 000-ம் சரி. பழைய எண்ணை அப்படியே போடச் சொன்னது தப்பு. நான் நகராட்சி வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

2011 அக்டோபரில் அம்பத்தூர், ஆலந்தூர், மாதவரம், திருவொற்றியூர் என்று 9 நகராட்சிகளும் அவற்றோடு சில பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. மாநகராட்சி 15 மண்டலம், 200 வார்டு என்று ஆனது. நகராட்சிக்காலத்து வரிவிதிப்பு எண் அந்த நகராட்சியின் பதிவேட்டுக்கு உரியது. மாநகராட்சி ஒவ்வொரு கட்டடத்துக்கும் வேறு எண் கொடுத்தது. பழையதில் இருக்கும் இலக்கங்களுக்கும் புதியதில் இருப்பவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. பிரித்தும் சேர்த்தும் கண்டுபிடிக்க முடியாது.

புதிய எண் இப்படி இருக்கும்: மண்டலம் 2 இலக்கம், வார்டு 3 இலக்கம், பில் எண் 5 இலக்கம், சப் எண் 3 இலக்கம். முன்னால் வரும் பூஜ்யங்களையும் போட வேண்டும். அம்பத்தூர் மண்டலத்தின் வார்டுகள் 79 முதல் 93 வரை. அதனால் உங்கள் இரண்டாவது கட்டம் 079-க்கும் 093-க்கும் இடையில்தான் இருக்க வேண்டும். வேறு ஏதாவது வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சப் எண் தனி வீட்டுக்குப் பெரும்பாலும் 000. ஒரு மனையில் இருந்த வீடு பிரிந்து பல கணக்கானால் 001, 002 என்று போகும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் அந்தக் கடைசிக் கட்டத்தை அலட்சியமாக 000 என்று போடாதீர்கள்.

எண்ணைக் கண்டுபிடிக்க எளிய வழி பக்கத்து வீட்டுக்காரரின் ரசீது. அதில் முதல் இரண்டு கட்டமும் கிடைத்துவிடும். மூன்றாவதுக்கு உங்கள் வீட்டுக்கு வந்த ஏதாவது ஒரு மாநகராட்சிக் காகிதம் வேண்டும். 2022-ல் சொத்துவரிச் சீராய்வு நடந்தபோது வீட்டுக்கு வீடு நோட்டீஸ் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தில் எண் இருக்கும். தேடிப் பாருங்கள்.

கோவைக்காரன் | 6 ஏப்ரல்

எனக்கு இந்த நான்கு கட்டமே வரவில்லையே! நான் சிங்காநல்லூர். ஒரே கட்டம்தான், வரிவிதிப்பு எண் போட்டால் வருகிறது. நீங்கள் ஏன் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள்?

பழைய ரெவின்யூ | 6 ஏப்ரல்

தம்பி, நீங்கள் பார்ப்பது tnurbanepay.tn.gov.in. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளும் நகராட்சிகளும் பேரூராட்சிகளும் அங்கே. சென்னைக்குத் தனித் தளம். ஊராட்சி என்றால் அதுவும் வேறு, vptax.tnrd.tn.gov.in. ஒரு தளத்தின் எண்ணை இன்னொன்றில் போட்டுத் தேடினால் கிடைக்காது.

நங்கநல்லூர் சுமதி | 6 ஏப்ரல்

அக்கா, அப்பா பெயரில் இருக்கும்போது நீங்கள் கட்டவே முடியாது. முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள். வாரிசு சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். எங்கள் மாமியார் பெயரில் இருந்த வீட்டுக்கு நாங்கள் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். முதலில் தாசில்தார் அலுவலகம், அப்புறம் மண்டல அலுவலகம்...

கொரட்டூர் மகள் | 6 ஏப்ரல், மாலை

சுமதி, பெயர் மாற்றமும் செய்யத்தான் போகிறோம். அது ஒரு தனி வேலை, தம்பி வந்தபிறகுதான் நடக்கும். அதுவரை வரி நிற்க வேண்டியதில்லை. கணக்கு அப்பா பெயரிலேயே இருக்கும்போதும் பணம் நான் கட்டலாம். ரசீது அப்பா பெயரில் வரும், அவ்வளவுதான். பெயர் மாற்ற மனு கொடுக்கும்போது நிலுவை இல்லாமல் இருந்தால் நமக்கும் நல்லது.

பழைய ரெவின்யூ | 6 ஏப்ரல், இரவு

மேடம் சொல்வது சரி.

கொரட்டூர் மகள் | 9 ஏப்ரல்

எண் கிடைத்துவிட்டது! மாடியில் குடியிருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். 2022 நோட்டீஸை அப்பா அவரிடம் கொடுத்து வைத்திருக்கிறார். கரண்ட் பில் அட்டையோடு பத்திரமாக இருந்தது. போட்டோ எடுத்து அனுப்பினார். நான்கு பகுதியும் கோடு போட்டுப் பிரித்து அச்சாகியிருக்கிறது. பக்கத்து வீட்டு மாமாவின் ரசீதில் இருந்த மண்டலமும் வார்டும் அதோடு ஒத்துப்போகின்றன. தளத்தில் போட்டேன், அப்பா பெயர் வந்தது. இனிஷியல் மட்டும் மாறி இருக்கிறது. கதவு எண்ணும் தெருவும் சரி.

இப்போது அடுத்த சிக்கல். 1/2023-24 வரை கட்டியதாகக் காட்டுகிறது. அதற்குக் கீழே நான்கு வரிசைகள் நிலுவையில் நிற்கின்றன. அப்பா இறந்தது 2023 நவம்பர். ஒன்றேகால் வருஷ நிலுவை என்று நினைத்திருந்தேன். நான்கு எப்படி வருகிறது?

வாசு_வேளச்சேரி | 9 ஏப்ரல்

ஜனவரி முதல் ஜூன் ஒரு அரையாண்டு, ஜூலை முதல் டிசம்பர் இன்னொன்று. அப்படிப் போட்டால் 2024-க்கு இரண்டு, 2025-க்கு ஒன்று. மூன்றுதான் வர வேண்டும். ஏதோ தப்பாகக் காட்டுகிறது.

பழைய ரெவின்யூ | 9 ஏப்ரல்

தம்பி, காலண்டர் வருஷம் இல்லை, நிதியாண்டு. முதல் அரையாண்டு ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30. இரண்டாவது அக்டோபர் 1 முதல் மார்ச் 31. 2024 ஜனவரி மாதம் 2/2023-24 என்ற அரையாண்டில் சேரும். மேடம், உங்கள் அப்பா 2023 செப்டம்பர் வரைக்கும் கட்டியிருக்கிறார். அந்த அக்டோபரில் ஆரம்பித்த அரையாண்டு விடுபட்டிருக்கிறது. அது ஒன்று, 2024-25-க்கு இரண்டு, இந்த ஏப்ரலில் பிறந்தது ஒன்று. நான்கு சரி.

இன்னொன்று. வரி அரையாண்டின் கடைசியில் கட்டுவது இல்லை, ஆரம்பத்தில் கட்டுவது. தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாண்டினால் மாதத்துக்கு 1 சதவீதம் தனிவட்டி. ஏப்ரல் 30, அக்டோபர் 30, இந்த இரண்டு தேதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கொரட்டூர் மகள் | 10 ஏப்ரல்

நன்றி ஐயா. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். எங்கள் அரையாண்டு வரி 2,400. 2/2023-24-ம் 1/2024-25-ம் அந்த விலையில். 2/2024-25-லிருந்து 2,544 ஆகியிருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து 6 சதவீதம் ஏறியது, 2,400-க்கு 144. ஆக நான்கு வரிசையும் சேர்ந்து 2,400, 2,400, 2,544, 2,544. மொத்தம் 9,888.

இதற்கு மேல் வட்டி. 2,400-க்கு மாதம் 24 ரூபாய். முதல் வரிசை ஏறக்குறைய ஒன்றரை வருஷம் நின்றிருக்கிறது, அதற்கு மட்டும் 430 ரூபாய் அளவில் வரும். அடுத்தவற்றுக்குக் குறைவு. இந்த ஏப்ரல் வரிசைக்கு வட்டி கிடையாது, ஊக்கத்தொகை கிடைத்தால் 127 ரூபாய் குறையும். திரையில் வந்த தொகை என் கணக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் நிம்மதியாகக் கட்டலாம். கணக்குப் போடாமல் திரையில் உள்ளதை அப்படியே நம்பியிருந்தால், வேறு வீட்டுக் கணக்கோ, ஏற்கெனவே கட்டிய காலமோ அதில் சேர்ந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

கோவைக்காரன் | 10 ஏப்ரல்

எனக்கு ஒரு யோசனை. பழைய நிலுவையை விட்டுவிட்டு இந்த ஏப்ரலை மட்டும் இப்போது கட்டினால் 5 சதவீதம் கிடைக்குமே? பழையதை மெதுவாகக் கட்டலாம்.

பழைய ரெவின்யூ | 10 ஏப்ரல்

பணம் எப்போதும் பழைய வரிசையிலிருந்துதான் கழியும். 2,544 கட்டிவிட்டு நடப்பு அரையாண்டு முடிந்தது என்று நினைத்தால், ரசீதில் 2/2023-24 என்று இருக்கும். நடப்பு அப்படியே நிற்கும். பிறகு அக்டோபரில் வந்து, "நான் ஏப்ரலில் கட்டினேனே" என்று சண்டை போடுவார்கள். எத்தனையோ பேர் அப்படி வந்திருக்கிறார்கள். பகுதியாகக் கட்டுவது தப்பில்லை, எந்தக் காலத்துக்குப் போனது என்று தெரிந்து கட்டுங்கள்.

நங்கநல்லூர் சுமதி | 11 ஏப்ரல்

வருஷத்துக்கு இரண்டையும் ஏப்ரலிலேயே சேர்த்துக் கட்டினால் இரண்டுக்கும் 5 சதவீதம் தருவார்களா? என் ஓரகத்தி கிடைத்தது என்கிறாள். எனக்கு ஒன்றுக்குத்தான் கழித்ததாக ஞாபகம்.

வாசு_வேளச்சேரி | 11 ஏப்ரல்

எனக்கும் ஒன்றுக்குத்தான்.

கொரட்டூர் மகள் | 12 ஏப்ரல், இரவு

நான்கு வரிசையையும் சேர்த்துக் கட்டினேன். யுபிஐயில் கட்டினேன். வங்கிக் கணக்கில் பணம் போய்விட்டது, குறுஞ்செய்தி வந்துவிட்டது. ஆனால் தளத்தில் ரசீது வரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து பக்கம் வெள்ளையாகிவிட்டது. மறுபடி எண்ணைப் போட்டுப் பார்த்தால் முழு நிலுவையும் அப்படியே நிற்கிறது. மீண்டும் கட்டவா? ஏப்ரல் 30 நெருங்குகிறதே என்று பதற்றமாக இருக்கிறது.

வாசு_வேளச்சேரி | 12 ஏப்ரல், இரவு

மறுபடி கட்டிவிடுங்கள் மேடம். முதல் பணம் தானாகத் திரும்பிவிடும்.

ரேவதி வங்கி | 12 ஏப்ரல், இரவு

கட்டாதீர்கள்! நான் வங்கியில் இருக்கிறேன், இதை நாள்தோறும் பார்க்கிறேன். பணம் திரும்பும் என்பது ஒரு சாத்தியம் மட்டுமே. இன்னொன்று, பணம் மாநகராட்சிக்குப் போய்ச் சேர்ந்து, பதிவு மட்டும் தாமதமாக ஏறுவது. இப்போது மறுபடி கட்டினால் இரண்டு தொகையும் போய்ச் சேரலாம். அப்புறம் அதிகப்படியான பணம் அடுத்த அரையாண்டுகளில் கழியும் வரை காத்திருக்க வேண்டும்.

முதலில் யுபிஐ செயலியைத் திறந்து இந்தப் பரிமாற்றத்தைத் தொடுங்கள். 12 இலக்கக் குறிப்பு எண் இருக்கும். அதை எழுதிவைத்து, நிலை என்ன என்று பாருங்கள். "வெற்றி" என்று இருந்தால் பணம் எதிர்ப்பக்கம் போய்விட்டது, ரசீதைத் தேட வேண்டியதுதான். "நிலுவையில்" என்று இருந்தால் காத்திருங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, யுபிஐயில் வணிகருக்குக் கட்டிய பணம் கழிந்தும் அந்தப் பக்கம் உறுதியாகவில்லை என்றால், பரிமாற்ற நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. உங்களுக்கு ஏப்ரல் 12 அன்று பணம் கழிந்தது, அதனால் கெடு ஏப்ரல் 17. அதற்குப் பிறகும் 30-க்கு நாள் இருக்கிறது. பதற வேண்டாம்.

கொரட்டூர் மகள் | 13 ஏப்ரல்

ரேவதி, மிக்க நன்றி. செயலியில் "வெற்றி" என்றுதான் இருக்கிறது. எண்ணை எழுதிவைத்துக்கொண்டேன்.

கொரட்டூர் மகள் | 15 ஏப்ரல்

நிலுவை பூஜ்யம். புத்தாண்டு விடுமுறை முடிந்து இன்று பார்த்தேன். நான்கு வரிசையும் போய்விட்டன. ரசீதை அச்சிடும் பகுதிக்குப் போய் அதே நான்கு கட்டத்தையும் போட்டால் ரசீது திறக்க வேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காதது போல் இருந்தது. உலாவியின் மேல் மூலையில் ஒரு சின்ன அடையாளம் தெரிந்தது. ரசீது புதிய சாளரத்தில் திறக்கிறது, உலாவி அதைத் தடுத்துவைத்திருக்கிறது. அனுமதி கொடுத்ததும் வந்தது. 12-ம் தேதி வெள்ளைப் பக்கம் வந்ததற்கும் இதுதான் காரணமா என்று சொல்ல முடியவில்லை.

ரசீதில் நான் பார்த்தவை: பில் எண், அப்பா பெயர், ரசீது எண், தேதி, 2/2023-24 முதல் 1/2025-26 வரை என்ற கால வரம்பு, தொகை. தேதி ஏப்ரல் 12 என்றே இருக்கிறது, பணம் கழிந்த நாள். நடப்பு வரிசைக்கு ஊக்கத்தொகையும் கழித்திருக்கிறார்கள்.

பழைய ரெவின்யூ | 15 ஏப்ரல்

கால வரம்பைப் பார்த்தீர்கள் பாருங்கள், அதுதான் முக்கியம். பலரும் தொகையை மட்டும் பார்ப்பார்கள்.

கோவைக்காரன் | 16 ஏப்ரல்

வங்கிக் குறுஞ்செய்தி இருந்தால் போதாதா? நான் ரசீதெல்லாம் எடுத்துவைத்ததே இல்லை.

ரேவதி வங்கி | 16 ஏப்ரல்

குறுஞ்செய்தியில் எந்த வீட்டுக்கு, எந்தக் காலத்துக்கு என்று இருக்காது. உங்களுக்கு இரண்டு வீடு இருந்தால் எது எதற்கென்று நீங்களே சொல்ல முடியாது. வீட்டுக் கடன் கேட்டு வரும்போது நாங்கள் கேட்பதும் ரசீதைத்தான்.

கொரட்டூர் மகள் | 16 ஏப்ரல், இரவு

கோவைக்காரரே, வாடகை வருகிற வீடாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் மாடி வாடகைக்கு விட்டது. வருமான வரிக் கணக்கில் வாடகையிலிருந்து சொத்துவரியைக் கழிக்கலாம், அந்த நிதியாண்டில் உண்மையில் கட்டியிருந்தால் மட்டும். எந்தக் காலத்து வரி என்பது அங்கே முக்கியம் இல்லை, கட்டிய தேதிதான் முக்கியம். நான் இந்த ஏப்ரலில் கட்டியதில் மூன்று வரிசை பழைய நிலுவை. ஆனாலும் மாடிக்கு உரிய பங்கு முழுவதும் 2025-26 கணக்கில்தான் வரும். மார்ச் 31-க்கு முன் கட்டியிருந்தால் முந்தைய வருஷத்தில் வந்திருக்கும். நாம் குடியிருக்கும் பகுதிக்கு இந்தக் கழிவு கிடையாது.

அப்பாவின் மெஷின் சீட்டுகள் வெளுத்ததைப் பார்த்தபிறகு அச்சிட்டு வைப்பதை மட்டும் நான் நம்பவில்லை. பிடிஎஃப் ஆக இறக்கி, பெயரில் காலத்தைச் சேர்த்தேன்:

```
sothuvari_korattur_2023-24-2_to_2025-26-1.pdf
```

எனக்கும் தம்பிக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். பில் எண்ணை அந்த மின்னஞ்சலிலேயே எழுதியிருக்கிறேன், அடுத்த முறை தேட வேண்டாம். உங்கள் வீட்டில் மெஷின் சீட்டுகள் இருந்தால் எழுத்து மங்குவதற்குள் போட்டோ எடுத்துவிடுங்கள், தயவுசெய்து.

வாசு_வேளச்சேரி | 17 ஏப்ரல்

அப்படியே தண்ணீர் வரியும் இதில் முடிந்துவிட்டது, நல்லது.

பழைய ரெவின்யூ | 17 ஏப்ரல்

முடியவில்லை தம்பி. சென்னையில் குடிநீர், கழிவுநீர் வரி மெட்ரோவாட்டர் வாரியத்துக்கு. தனித் தளம், தனி நுகர்வோர் எண். அந்த எண்ணும் கோடு போட்டுப் பிரித்துத்தான் இருக்கும், பார்த்தால் சொத்துவரி எண் மாதிரியே தெரியும். இதை அங்கேயோ அதை இங்கேயோ போட்டுவிடாதீர்கள். சொத்துவரி ரசீதில் நூலக வரி சேர்ந்து வரும், தண்ணீர் வரி சேராது.

கொரட்டூர் மகள் | 17 ஏப்ரல், மாலை

ஐயா, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். மாடி அக்காவிடம் மெட்ரோவாட்டர் அட்டையும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். அதிலும் நிலுவை இருக்கும் என்று நினைக்கிறேன். கிடைத்ததும் இங்கேயே எழுதுகிறேன். யாராவது அண்மையில் அந்தத் தளத்தில் பழைய அம்பத்தூர் பகுதிக்குக் கட்டியிருந்தால், எண்ணை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

நங்கநல்லூர் சுமதி | 18 ஏப்ரல்

நான் போன மாதம்தான் கட்டினேன் அக்கா, ஆனால் எங்களுக்கு ஆலந்தூர் பக்கம். ரசீதைத் தேடி எடுத்து எண்ணின் வடிவத்தை மட்டும் போடுகிறேன்.